சீல் கிழிந்த பிஎஸ்4-க்குப் பாதி விலைதானா?

திருப்பாதிரிப்புலியூர் விற்பவன்: 500 ஜிபி பிஎஸ்4 கேம் கன்சோல், 2013-ல் வந்த முதல் மாடல். உள்ளே தூசி எடுக்க, பின்புறத் திருகை மூடியிருந்த ஸ்டிக்கரை நானே கிழித்தேன். 11,000 ரூபாய் கேட்டேன். வில்லியனூர்க்காரர் ஒருவர் “சீல் போனால் பாதி விலை” என்று 5,500 தருகிறாராம். இது நியாயமா?

நெல்லிக்குப்பம் சேகரிப்பாளர்: நியாயம்தான். சீல் கிழிந்த பெட்டிக்குள் யார் கை வைத்தார்கள், எதைக் கழற்றினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் அலமாரியில் பன்னிரண்டு கன்சோல்கள் இருக்கின்றன, ஒன்றிலும் சீல் உடையவில்லை.

லாஸ்பேட்டை ரிப்பேர்காரன்: அப்படியானால் பன்னிரண்டையும் யாரும் சுத்தம் செய்யவில்லை என்று பொருள். அந்த முதல் மாடலில் சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே பூசிய பேஸ்ட் இத்தனை வருடத்தில் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்திருக்கும். ஃபேன் இறக்கையில் தூசி கம்பளிபோல் ஒட்டியிருக்கும். பெரிய கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓட்டுங்கள். பத்து நிமிடத்தில் ஃபேன் அலற ஆரம்பித்து, பிறகு சூடு அதிகம் என்று திரையில் எச்சரிக்கை வந்தால், சீல் இருந்தும் அது செலவு வைக்கும் பெட்டி. சத்தமில்லாமல் ஓடினால், சீல் கிழிந்திருந்தாலும் நல்ல பெட்டி. விலையை முடிவு செய்வது அந்த அரை மணி நேரம்தான். அதோடு, புது சீல் ஸ்டிக்கரே தனியாக விலைக்குக் கிடைக்கிறது.

தம்பி, 11,000 என்பதும் நீங்கள் கேட்கும் விலைதான். விளம்பரத்தில் மற்றவர்கள் போட்டிருக்கும் தொகையைப் பார்க்காதீர்கள். உங்கள் பகுதியில் உண்மையில் கைமாறியது எவ்வளவுக்கு என்று நாலு பேரிடம் விசாரியுங்கள். கன்ட்ரோலர் குச்சி தானாக நகர்கிறதா?

திருப்பாதிரிப்புலியூர் விற்பவன்: இடது குச்சி கொஞ்சம் நகர்கிறது அண்ணா. விசாரித்ததில் தலா 10,000-க்கு இரண்டு போயிருக்கின்றன.

லாஸ்பேட்டை ரிப்பேர்காரன்: அப்படியானால் குச்சிக்கு 1,000 கழித்து 9,000 சொல்லுங்கள், 8,500-க்குக் கீழே இறங்காதீர்கள். குச்சிக் குறையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

நெல்லிக்குப்பம் சேகரிப்பாளர்: சீல் இல்லை என்றால் பாதி விலை. போன வருடம் என் எக்ஸ்பாக்ஸ் 360-ஐ உங்களிடம் கொடுத்தேன். மூன்று சிவப்பு விளக்கோடு வந்தது, மூன்று சிவப்பு விளக்கோடுதான் திரும்பியது. சீலை மட்டும் கிழித்து வைத்தீர்கள். நீங்கள் எனக்கு விலை சொல்லித்தர வேண்டாம்.

லாஸ்பேட்டை ரிப்பேர்காரன்: போர்டு போய்விட்டது என்று முதல் நாளே சொன்னேன், ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. அதையும் எழுதுங்கள்.

அரியாங்குப்பம் அம்மா: சீல் எந்தக் கடையில் விற்கிறது? என் மகனுடைய பெட்டியை விற்றேன். வாங்கியவர் இரண்டு நாள் கழித்து வந்து, “ஆன் ஆகவில்லை, பணத்தைக் கொடுங்கள்” என்றார். கொடுத்துவிட்டேன். பிறகு கடையில் திறந்து பார்த்தால் உள்ளே வேறு போர்டு. தன் வீட்டில் இருந்த செத்த போர்டை எங்கள் பெட்டியில் மாட்டிக் கொடுத்திருக்கிறார்.

லாஸ்பேட்டை ரிப்பேர்காரன்: கடை சீல் வேண்டாம் அம்மா, அதை யாரும் வாங்கி ஒட்டலாம். நீங்களே அடையாளம் வையுங்கள். நெயில் பாலிஷ் ஒரு சொட்டை, பாதி திருகின் தலையிலும் பாதி பிளாஸ்டிக்கிலும் படும்படி வைத்துக் காயவிடுங்கள். திருகைத் திருப்பினால் அந்தச் சொட்டு விரிசல் விட்டுவிடும். விற்கும் அன்று அதைக் கிட்டத்தில் படம் எடுங்கள். பெட்டியின் சீரியல் எண்ணையும் எடுங்கள். Settings > System > System Information திரையில் MAC Address இருக்கும், அதையும் எடுங்கள். சீரியல் எண் ஒட்டியிருப்பது வெளிக்கூட்டில், அது மாறாது. போர்டு மாறினால் MAC Address மாறும். பெட்டி ஆன் ஆகாமல் திரும்பி வந்தால் திரையைப் பார்க்க முடியாது, அப்போது கைகொடுப்பது அந்தச் சொட்டுதான்.

நெல்லிக்குப்பம் சேகரிப்பாளர்: நெயில் பாலிஷைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தால்? அதனால்தான் கம்பெனி சீல் வேண்டும் என்கிறேன்.

லாஸ்பேட்டை ரிப்பேர்காரன்: வைக்கலாம். ஆனால் சொட்டின் ஓரம் அதே வடிவத்தில் விழாது, படத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். உங்கள் சீல் எல்லாப் பெட்டியிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

திருப்பாதிரிப்புலியூர் விற்பவன்: அண்ணா, அந்த வில்லியனூர்க்காரர் 7,000-க்கு வந்துவிட்டார். ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, இதை ஸ்கேன் செய்தால் முன்பணம் உன் கணக்குக்கு வரும் என்கிறார்.

லாஸ்பேட்டை ரிப்பேர்காரன்: தொடாதீர்கள்! பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். நேரில் வரச் சொல்லுங்கள். அவர் போனில் காட்டும் படத்தை நம்பாமல், உங்கள் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதை நீங்களே பார்த்த பிறகு பெட்டியைக் கொடுங்கள்.

வில்லியனூர் வாசி: எங்கள் ஊர்க்காரர் என்றாலே திருடனா? கடலூரில் என்னை ஏமாற்றியவர்கள் பட்டியல் வேண்டுமா?

நெல்லிக்குப்பம் சேகரிப்பாளர்: ஊர் எதுவானால் என்ன? சீல் இல்லாத பெட்டிக்கு 7,000 கொடுப்பதாகச் சொல்லும்போதே தெரிய வேண்டாமா, அவன் வாங்க வரவில்லை என்று? உண்மையாக வாங்குகிறவன் பாதிதான் தருவான்.

லாஸ்பேட்டை ரிப்பேர்காரன்: அந்தப் பன்னிரண்டில் ஒன்றை எடுத்து வாருங்கள். இவர் பெட்டியையும் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் ஓட்டுவோம்.

நெல்லிக்குப்பம் சேகரிப்பாளர்: உங்கள் கடை வாசலை இனி மிதிக்கமாட்டேன்.