நூலகக் கல்வெட்டில் நன்கொடையாளர் பெயர்: புதுப்பிப்பு

முன்பு நான் கேட்டது: "ஏற்காட்டில் உள்ள எங்கள் பள்ளி நூலகத்திற்கு நன்கொடை அளித்த அம்மையாரின் பெயரைக் கல்லில் லக்ஷ்மி என்று வெட்டுவதா, லட்சுமி என்றா? தலைப்பெழுத்து ஆர். என்றே இருக்கலாமா?"

தமிழ் மரபுக்கு லட்சுமியே நெருக்கம் என்றாலும், பெயருக்கு உரியவர் எழுதும் வடிவத்தை மாற்ற நமக்கு உரிமையில்லை என்று இங்கே அந்தக் கேள்விக்குப் பதில் தந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சொன்னதே வழிகாட்டியது. சேலத்தில் அம்மையாரை நேரில் கண்டு, வெள்ளைத்தாளில் எழுதித் தரக் கேட்டோம். நடுங்கும் கையால் 'ரா. லட்சுமி' என்று எழுதினார்.

தலைப்பெழுத்தைத் தமிழில்தான் வெட்ட வேண்டும் என்பது 2021 அரசாணை என்று கல்வெட்டுபவர் வாதிட்டார். அந்த ஆணை அரசு அலுவலகங்களையும் பள்ளிப் பதிவேடுகளையும் பற்றியது, நன்கொடையாளரைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அம்மையாரின் விருப்பமும் அதுவாகவே அமைந்தது. இங்கே பதிலளித்து, திருமண அழைப்பிதழில் தம் பெயர் பிழைபட்டதைச் சொன்ன நண்பரின் அனுபவம் வேறு வகை. அழைப்பிதழை மறுபடி அச்சிடலாம், கருங்கல்லில் வெட்டிய எழுத்தை அழிக்க முடியாது.

ஆகவே கல்வெட்டு வாசகத்தை உண்மை அளவிலேயே தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டிப் படித்தோம். 'கணவர் நினைவாக கட்டப்பட்டது' என்றிருந்தது. 'நினைவாகக்' என்று ஒற்றெழுத்தைச் சேர்த்தோம். பெயருக்கு முன் 'திருமதி' வேண்டுமா என்பதில் மட்டும் அவர் மகனும் மகளும் இன்னும் உடன்படவில்லை.