காலையில் கடை திறந்தால் பிரிண்டர் "ஆஃப்லைன்". ரூட்டர் முகவரியை மாற்றுகிறதா?

ஜெராக்ஸ் கடை முருகன்:
கடையில் ஒரு லேசர் பிரிண்டர், வைஃபையில் ஓடுகிறது. கம்ப்யூட்டர் இரண்டு. வாரத்தில் இரண்டு நாளாவது காலையில் ஆஃப்லைன் என்று நிற்கிறது. பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் சரியாகிறது. இன்று ஹால் டிக்கெட் எடுக்க வந்த பிள்ளைகள் வரிசையில் நிற்க, கால் மணி நேரம் போனது. முதலில் சேர்த்தபோது முகவரி 192.168.1.7. இன்று பிரிண்டர் திரையில் 192.168.1.12 என்று இருக்கிறது. இரவு ரூட்டர் உட்பட எல்லாவற்றையும் மெயினில் அணைத்துவிட்டுத்தான் போவேன். வைஃபை பாஸ்வேர்டு வாடிக்கையாளர்கள் பலரிடம் உண்டு.

கார்த்திக்_சிஸ்டம்ஸ்:
சிம்பிள் அண்ணா. பிரிண்டர் மெனுவில் நெட்வொர்க் போய் ஆட்டோவை மேனுவலாக்கி, 192.168.1.7 என்று அடித்துவிடுங்கள். அப்புறம் மாறவே மாறாது.

லேன் தாத்தா:
தம்பி சொல்வது பாதிதான் சரி. பிரிண்டர் மாறாது, ஆனால் அது 7-ஐ எடுத்துக்கொண்டது ரூட்டருக்குத் தெரியாது. பிரிண்டர் அணைந்திருக்கும் நேரத்தில் ஒரு போனுக்கு அதே 7-ஐக் கொடுத்துவிடும். ஒரே எண்ணில் இரண்டு பேர் வந்தால் பிரிண்ட் சில நேரம் வரும், சில நேரம் வராது. இப்போதாவது காரணம் தெரிகிறது, அப்போது அதுவும் தெரியாமல் முழிக்க வேண்டும்.

முருகன், உங்கள் கடையில் நடப்பது இதுதான். ரூட்டர் முகவரியை விற்பதில்லை, வாடகைக்கு விடுகிறது. பல ரூட்டர்களில் கெடு 24 மணி நேரம். கருவி ஓடிக்கொண்டே இருந்தால் பாதிக் கெடுவிலேயே கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும், எண் மாறாது. நீங்கள் ரூட்டரையும் அணைக்கிறீர்கள். யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற கணக்கைப் பல சின்ன ரூட்டர்கள் மெமரியில் மட்டுமே வைத்திருக்கும். கரண்ட் போனால் அது அழிந்துவிடும். காலையில் பிரிண்டர் சூடாகி எழுவதற்குள் வாசலில் நிற்பவர் போன் 7-ஐ வாங்கிவிடுகிறது. பிரிண்டர் வந்து "என் பழைய 7 எங்கே" என்றால், ரூட்டர் மறுத்துவிட்டு வேறு எண்ணைக் கொடுக்கும். கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் 7-இன் கதவைத்தான் தட்டிக்கொண்டிருக்கும்.

சோதிக்க வேண்டுமா? அடுத்த முறை ஆஃப்லைன் ஆனதும் கம்ப்யூட்டரில் Command Prompt திறந்து இதை அடியுங்கள்:

```
ping 192.168.1.7
arp -a
```

7-க்கு நேரே வருவது மேக் எண், அதாவது கருவியின் அடையாள எண். அதில் இரண்டாவது எழுத்து 2, 6, a, e இவற்றில் ஒன்றாக இருந்தால், பெரும்பாலும் அது போன் தானே உருவாக்கிக்கொண்ட எண்.

எண்ணைப் பிரிண்டரில் பூட்டாதீர்கள், ரூட்டரில் பூட்டுங்கள். ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால் DHCP பகுதியில் Address Reservation என்றோ Static Lease என்றோ இருக்கும். பிரிண்டரின் மேக் எண்ணுக்கு எதிரே 192.168.1.200 போட்டுச் சேமியுங்கள். பிரிண்டர் ஆட்டோவிலேயே இருக்கட்டும், ஒருமுறை அணைத்துப் போடுங்கள். கடைசியாக இரண்டு கம்ப்யூட்டரிலும் Printer properties, Ports, Configure Port போய்ப் பழைய எண்ணை 200 ஆக்குங்கள். பலர் இதை மறந்துவிட்டு என்னைத் திட்டுவார்கள்.

ரேவதி வீடு:
எனக்கும் இதே பிரச்சினை! வீட்டு கேமராவை வேலை செய்யும் ஊரிலிருந்து பார்க்க முடியவில்லை. இப்படி ரிசர்வ் செய்தால் வந்துவிடுமா சார்?

லேன் தாத்தா:
இது வேறம்மா. ரிசர்வேஷன் வீட்டுக்குள் இருக்கும் எண்ணை மட்டும்தான் நிலையாக்கும். வீட்டிலேயே ரெக்கார்டர் வைத்து, அதில் கேமராவை எண் கொடுத்துச் சேர்த்திருந்தால் கட்டாயம் ரிசர்வ் செய்யுங்கள். எண் மாறினால் அந்தச் சானல் கறுப்பாகிவிடும். வெளியூரிலிருந்து நேராக எண்ணை அடித்துப் பார்ப்பது உங்கள் இணைப்புக்குத் தனியாக வெளி முகவரி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஆப் வழியாகப் பார்க்கிறீர்களா, நேராக எண்ணை அடித்தா?

ஜெராக்ஸ் கடை முருகன்:
செய்தேன், பிரிண்டர் 12-லேயே நிற்கிறது. பின்பக்க ஸ்டிக்கரில் இருந்த மேக் எண்ணைத்தான் போட்டேன்.

லேன் தாத்தா:
ஸ்டிக்கரில் இருப்பது கேபிள் பொருத்தும் லேன் போர்ட்டின் எண்ணாக இருக்கும். வைஃபைக்கு வேறு எண். பிரிண்டரில் நெட்வொர்க் ரிப்போர்ட் ஒன்று அச்சடித்து, வயர்லெஸ் என்ற தலைப்பின் கீழ் இருப்பதைப் போடுங்கள்.

ஜெராக்ஸ் கடை முருகன்:
ஆமாம், கடைசி எழுத்து மட்டும் வேறு! மாற்றியதும் 200 வந்துவிட்டது. நான்கு நாளாகக் காலையில் தொந்தரவு இல்லை. ஆனால் இரண்டாவது கம்ப்யூட்டரில் Configure Port அமுக்கவே முடியவில்லை, போர்ட் பெயர் WSD என்று ஆரம்பிக்கிறது.

கார்த்திக்_சிஸ்டம்ஸ்:
அது விண்டோஸ் தானாகத் தேடிச் சேர்த்தது அண்ணா, அதில் எண் போட முடியாது. Add Port போய் Standard TCP/IP Port எடுத்து 200 கொடுங்கள்.

ரேவதி வீடு:
ஆப் வழியாகத்தான் சார். வீட்டில் வைஃபையில் இருந்தால் வருகிறது, வெளியே வந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது.