ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஒரே சொல்லா?

டர்பனிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். நான் பராமரிக்கும் பில் நிரலில், மாதத்தின் நடுவில் சேரும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு நாள் கட்டணம் குறைவாகவே போய்க்கொண்டிருந்தது. மாதக் கட்டணம் 310 ராண்ட். 2024 ஜனவரி 17 அன்று சேர்ந்தவர் 31 முடிய 15 நாள் பயன்படுத்துகிறார், நாளுக்கு 10 ராண்ட் வீதம் 150 ராண்ட் வர வேண்டும், பில்லில் 140 என்று இருந்தது. காரணம் இந்த வரி:

```
days = (date(2024, 1, 31) - date(2024, 1, 17)).days  # 14
```

கழித்தல் இரண்டு தேதிகளுக்கு இடையிலான தூரத்தைத் தருகிறதே ஒழிய, இரண்டு ஓர நாள்களையும் சேர்த்து எண்ணித் தருவதில்லை. முழு மாதம் இருந்தவர்களுக்கு நாள் கணக்கே போடுவதில்லை என்பதால் இது நெடுநாள் யார் கண்ணிலும் படவில்லை. இப்போது `+ 1` சேர்த்துத் திருத்திவிட்டேன். திருத்தத்தோடு பதியும் கமிட் செய்தியில், எண்ணிக்கை ஒன்று கூடியோ குறைந்தோ போகும் ஆஃப்-பை-ஒன் தவறுக்கு 'ஒற்றைப் பிழை' என்று எழுதினேன், உடன் வேலை செய்யும் தம்பி அதைப் படித்துவிட்டு, "ஒரே ஒரு பிழைதானா இருந்தது?" என்று கேட்டார். ஆகவே வேறு சொல் வேண்டும்.

போர்ட் லூயிஸிலிருந்து:

ஐயா, இது நேர வலயத்தால் வந்த கோளாறாகத்தான் இருக்கும். எங்கள் அலுவலகத்தில் நேரத்தை உலகப் பொது நேரமான யூடிசியில் சேமித்தோம். மொரீஷியஸ் அதற்கு 4 மணி நேரம் முந்தியது. அதனால் 1ஆம் தேதி அதிகாலை 2 மணிக்குப் பதிவானது முந்தைய நாள் இரவு 10 மணியாகி, போன மாத பில்லில் ஏறிவிட்டது. 'நாள் நழுவல்' என்று சொல்லலாமே.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

நீங்கள் சொல்வது உண்மையான கோளாறுதான், ஆனால் இதுவன்று. வலயக் கோளாறு நள்ளிரவை ஒட்டிய பதிவுகளை மட்டுமே தொடும். நம் ஊரில் 12 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் பதிந்தவை மட்டும் முந்தைய நாளுக்குப் போகும். இங்கோ நடுப்பகலில் சேர்ந்தவருக்கும் ஒரு நாள் குறைகிறது. மேற்கண்ட வரியில் மணி என்பதே இல்லை. 'நாள் நழுவ'லை உங்கள் கோளாற்றுக்கே வைத்துக்கொள்ளலாம், பொருத்தமான பெயர்.

ஆஃப்-பை-ஒன்னுக்கு 'ஓரெண் பிசகு' என்பதை முன்வைக்கிறேன். கணக்குப் பிசகிவிட்டது என்று வீட்டிலேயே பேசுகிறோம். 'எல்லைப் பிழை' என்றால் எல்லையில் நேரும் எல்லாத் தவறுகளும் அதற்குள் வந்துவிடும்.

சொல்லைவிட அந்த `+ 1` எனக்குக் கவலை தருகிறது. ஒருவர் 17 அன்று திட்டம் மாறினால் பழைய திட்டத்தின் முடிவாகவும் புதியதன் தொடக்கமாகவும் 17 பதிவாகிறது அல்லவா? அப்போது 17 நாளும் 15 நாளும் சேர்ந்து ஜனவரிக்கு 32 நாள் ஆகும். முடிவுத் தேதியைக் கணக்கில் சேராத நாளாக வைத்துக்கொண்டு, மாத முடிவைப் பிப்ரவரி 1 என்று எழுதினால், வெறும் கழித்தலே 16ஐயும் 15ஐயும் தரும், கூட்டினால் 31. கமிட் செய்தியை நான் இப்படி எழுதுவேன்:

```
பில்: மாத நடுவில் சேர்ந்தோருக்கு விடுபட்ட நாளைச் சேர்

ஜனவரி 17 அன்று சேர்ந்தவருக்கு 15 நாளுக்குப் பதில்
14 நாளே கணக்கானது (ஓரெண் பிசகு).
end என்ற முடிவுத் தேதி இதுவரை மாதத்தின் கடைசி நாள்; இனி அடுத்த
மாதத்தின் முதல் நாள், அது கணக்கில் சேராது.
அனுப்பிவிட்ட பில்கள் மாறவில்லை.
```

முதல் வரியில் 'ஓரெண் பிசகைத் திருத்து' என்று மட்டும் எழுதினால், வாடிக்கையாளருக்குக் கூடியதா குறைந்ததா என்பது தெரியாது. பணம் சம்பந்தப்பட்ட திருத்தத்தில் எதிர்காலத்தில் நிரலின் திருத்த வரலாற்றைப் புரட்டிப் பார்க்கிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.

சென்-டெனியிலிருந்து:

ரீயூனியனில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் இரண்டு வாரத்தை 'கேன்ஸ் ஜூர்', அதாவது பதினைந்து நாள், என்பார்கள். நம் வீட்டிலும் காவடி விரதத்தைப் பத்து நாள் என்றால் தொடங்கும் நாளும் காவடி நாளும் அதில் அடக்கம். எனக்கு ஒரு வாடகைச் சீட்டில் இதே குழப்பம் வந்து, பதினைந்து நாள் என்று எழுதியதற்குப் பதினான்கு நாள்தான் இடம் கொடுத்தார்கள். அதைப் பிசகு என்று எப்படிச் சொல்வது? அவர்கள் எண்ணும் முறை வேறு, அவ்வளவுதானே?

டர்பனிலிருந்து:

அம்மா, உங்கள் வாடகைச் சீட்டில் எண்ணும் முறைகள் மோதின. என் நிரலில் ஒரே கோப்பு ஓரிடத்தில் ஒரு முறையையும் அடுத்த வரியில் மற்றொன்றையும் பிடித்திருந்தது. அதைப் பிசகு என்று தயங்காமல் சொல்லலாம்.

`+ 1`ஐ எடுத்துவிட்டேன். திட்டம் மாறியவர்களின் பழைய பில்களைப் பார்த்தேன்: 16ம் 14ம் சேர்ந்து 30 நாள், அங்கும் ஒன்று குறைவு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணா எழுதிய செய்தியில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்து அனுப்பிவிட்டேன். தேதிக் கணக்கில் மட்டும் 'ஒருநாள் பிசகு' என்று எழுதலாமா, எங்கும் 'ஓரெண் பிசகு'தானா என்பதில் தம்பியும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை; அவருக்கு முதலாவது பிடித்திருக்கிறது.