விசா நிலவரம்: இப்போது விசாரித்துக் கேட்கலாமா?

நண்பர்களே, ஒரு சந்தேகம். மே 5 அன்று ஆன்லைனில் விசாவுக்கு விண்ணப்பித்தேன். கைரேகை கொடுத்தது மே 19, திங்கள். வழக்கமாக 30 வேலை நாள் ஆகும் என்று தளத்தில் போட்டிருக்கிறார்கள். இன்று ஜூன் 26. வீட்டில் "52 நாளாச்சு, போன் போடு" என்கிறார்கள். ஆனால் கைரேகை கொடுத்த நாளிலிருந்துதான் கணக்கு என்று அதே பக்கத்தில் இருக்கிறது. சனி, ஞாயிறு கழித்து எண்ணினால் இன்றோடு 28தான் ஆகிறது.

குழப்பம் இதுதான். ஜூன் 10 அன்று நிலவரம் Documents Required என்று மாறியது. வங்கி அறிக்கையில் கடைசிப் பக்கம் விட்டுப்போயிருந்தது, என் தப்புதான். அன்றே ஏற்றிவிட்டேன். 12ஆம் தேதி மறுபடி Under Process ஆனது. அதற்கப்புறம் அசையவே இல்லை.

கூடுதல் ஆவணம் கேட்டால் நாள் கணக்கு அந்த இடைவெளிக்கு மட்டும் நிற்குமா, இல்லை முதலிலிருந்து தொடங்குமா? நின்றது மட்டும் என்றால் ஜூலை முதல் வாரம் வரை பொறுத்துவிட்டு, கோப்பு எண்ணோடும் ஆவணம் ஏற்றிய ரசீதோடும் மின்னஞ்சல் அனுப்பலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன்பே கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்ற பதில்தானே வரும்? ஆவணம் ஏற்றிய பிறகு உங்களுக்கு எத்தனை நாளில் முடிவு வந்தது?