சன்னல் வெளிச்சத்தில் துணியில் பூ வரைவதற்கு என்ன பெயர்?

கோதை எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். கைத்தையல் பயில்வோருக்கான கையேடு ஒன்றில் எனக்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. தாளில் வரைந்த சிறிய பூ உருவைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் துணியைப் பொருத்தி, ஊடே வரும் வெளிச்சத்தில் தெரியும் கோட்டின் மேலேயே துணியில் வரைந்துகொள்கிறோம். பேச்சில் இதை ‘டிரேஸ் எடுப்பது’ என்கிறோம். ஆனால் கார்பன் தாளை இடையில் வைத்து அழுத்துவதையும், தாளில் ஊசியால் துளையிட்டுப் பொடி தடவுவதையும் அதே பெயரால்தான் சொல்கிறோம். மூன்று முறைகளும் அடுத்தடுத்த பக்கங்களில் வருவதால், ஒரே பெயர் படிப்பவரைக் குழப்பும். ‘ஒளிநகல்’ என்று எழுதலாமா?

இளமாறன் எழுதியது:

‘ஒளிநகல்’ என்றால் கடையில் பொறியில் எடுக்கும் படிதான் எவருக்கும் நினைவுக்கு வரும், அதைத் தவிர்த்துவிடுங்கள். ‘ஒளியொற்று’ என்று சொல்லலாம். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து அடையாளம் பதியச் செய்வதற்கு ‘ஒற்றுதல்’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. கூடவே ஒரு குறிப்பையும் சேர்த்துவிடுங்கள்: ஒற்றி எடுக்கும்போது உரு இடவலம் மாறும் என்பதால், தாளைத் திருப்பி ஒட்ட வேண்டும்.

மரகதம் எழுதியது:

இளமாறன் ஐயா சொல்லும் இடவல மாற்றம் உண்மைதான். ஆனால் அது சூட்டில் இளகும் மையால் தாளில் வரைந்து, அந்தப் பக்கத்தைத் துணியில் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தும் முறைக்கு உரியது. சன்னலில் தாளின் முகமும் துணியின் முகமும் நம்மைப் பார்த்தபடியே இருக்கின்றன. தாளைத் திருப்பி ஒட்டினால்தான் உரு மாறிப்போகும். பூவில் அது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். பெயரின் முதலெழுத்தைப் பூத்தையலிடும்போது உடனே தெரிந்துவிடும். எனவே ‘ஒற்று’ என்ற சொல்லே இங்கே பொருந்தாது. இங்கு எதுவும் எதன்மேலும் பதிவதில்லை. வெளிச்சம் காட்டுகிறது, கை வரைகிறது.

பெயரைத் தேடுமுன் வேலையைச் சற்று விரிவாகப் பார்த்துக்கொள்வது நல்லது. ஏழு சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு கொம்பு, அதில் மூன்று இலைகள், உச்சியில் ஐந்து இதழ்ப் பூ என்று வைத்துக்கொள்வோம். முதலில் பென்சிலால் வரைந்த படத்தில் ஒவ்வொரு விளிம்பிலும் இரண்டு மூன்று கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். தாளில் அது அழகாகத்தான் இருக்கும். துணிக்குப் பின்னால் போனதும் அந்தக் கோடுகள் எல்லாம் ஒரு சாம்பல் பட்டையாக மங்கிவிடும், எந்தக் கோட்டைப் பின்பற்றுவது என்று கைக்குத் தெரியாது. ஆகவே அதன்மேல் வேறொரு தாளை வைத்து, ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரே கோட்டைத் தேர்ந்து, கறுப்பு மைப் பேனாவால் எழுத வேண்டும். இரண்டு இழை நூலால் காம்புத் தையல் போடுவதானால், ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடும் இரு கோடுகள் தைத்தபின் ஒன்றாகிவிடும். நம் இலையில் பக்க நரம்புகளை விட்டு நடு நரம்பை மட்டும் வைத்துக்கொள்வது இதனால்தான். உண்மையில் பூ வடிவம் தீர்மானமாவது இந்தத் தாளில்தான், சன்னலில் அன்று. இந்தத் தெளிந்த கோட்டுப் படத்துக்கும் கோதை ஒரு பெயர் தேட வேண்டியிருக்கும்.

துணியைத் துவைத்துச் சுருக்கம் போக்கிக்கொள்ள வேண்டும். வரைந்தபின் துணி சுருங்கினால் வட்டம் நீள்வட்டமாகும். தாளில் நடுக்கோடு ஒன்று போட்டு, அதைத் துணியின் நெடுக்கு இழையோடு பொருத்த வேண்டும். சன்னலில் துணி தன் எடையால் கீழே தொய்யும் என்பதால், மேல் விளிம்பை முதலில் ஒட்டுநாடாவால் ஒட்டி, இழுக்காமல் தடவிவிட்டுப் பக்கங்களை ஒட்டுவது முறை. இழுத்து ஒட்டினால், நாடாவை எடுத்தவுடன் துணி சுருங்க, இதழும் அதனோடு சுருங்கும். தாளைக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒட்டுவதும் தவறு. கண்ணாடியின் தடிமன் இடையில் வருவதால், தலையை அசைக்கும்போதெல்லாம் கோடு இடம் மாறித் தெரியும். வரைந்து முடித்ததும் மேல் நாடாவை மட்டும் விட்டு, துணியின் கீழ் முனையைத் தூக்கிப் பாருங்கள். விட்டுப்போன கோடு அப்போது தெரியும். துணியை மறுபடி கீழே விட்டால் அது பழைய இடத்திலேயே படியும்.

சுந்தரம் எழுதியது:

என் பேத்தியின் ஒளிப்படத்தைத் தலையணை உறையில் பதித்துக் கேட்கிறார்கள். அதற்கும் இந்தச் சொல்தானா? சன்னலில் ஒட்டிப் பார்த்தேன், முகம் சரியாகத் தெரியவில்லை.

மரகதம் எழுதியது:

ஐயா, அது அச்சிடும் வேலை. அதற்கு வேறு பெயர் உண்டு. முகத்தைத் தைக்க வேண்டுமானால் முதலில் சில கோடுகளாகக் குறைத்து வரைய வேண்டும், அது எளிதன்று. படம் அச்சான தடித்த தாளில் வெளிச்சம் ஊடுருவாததால்தான் முகம் தெரியவில்லை.

இளமாறன் எழுதியது:

இடவலம் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். அப்படியானால் ‘ஊடுவரைவு’ என்று வைத்துக்கொள்ளலாம். பார்வை ஊடே செல்வதையும் ‘ஊடு’ குறிக்கும், வெளிச்சம் ஊடே வருவதையும் குறிக்கும். தெளிந்த கோட்டுப் படத்துக்கு ‘மூலவரை’ என்பது போதும். ஒரு சந்தேகம்: பென்சிலால் வரைந்தால் துவைக்கும்போது போய்விடும் அல்லவா? பேனா எதற்கு?

மரகதம் எழுதியது:

மென்மையாக வரைந்தால் பெரும்பாலும் போகும். அழுத்தி வரைந்த பென்சில் வெளிர் நூலுக்கு அடியிலிருந்து சாம்பலாக எட்டிப் பார்க்கும். நீரில் கரையும் நீலப் பேனா எளிது, ஆனால் அதைக் கழுவுமுன் இஸ்திரி போட்டால் கறை நிலைத்துவிடக்கூடும். தைத்து முடித்ததும் முதலில் குளிர்ந்த நீரில் அலசுவது பாதுகாப்பு. சூட்டில் மறையும் பேனாவின் கோடு கடுங்குளிரில் திரும்பத் தோன்றும். எந்தப் பேனாவானாலும் துணியின் ஓரத்தில் சோதிக்க வேண்டும். மேலும், சன்னலில் பேனாவை மேல்நோக்கிப் பிடிப்பதால் பந்துமுனைப் பேனாவில் மை இறங்காமல் நின்றுபோகும். பேனாவைத் தொடர்ந்து இழுப்பதைவிடச் சிறு புள்ளிகளாக வைத்துக்கொண்டு போனால் துணி நகராது.

கோதை எழுதியது:

‘ஊடுவரைவு’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயினும் ஒரு நெருடல். மெல்லிய மஸ்லின் துணியை மேசையில் மூலவரையின்மேல் விரித்தாலே கோடு தெரிகிறது, சன்னல் தேவையில்லை. அதையும் ஊடுவரைவு என்போமா, வெளிச்சம் பின்னிருந்து வரும்போது மட்டுமா? இரவில் வேலை செய்பவர்கள் கண்ணாடிப் பலகைக்கு அடியில் விளக்கை வைக்கிறார்கள். இரவில் சன்னல் பயன்படாது, அறைதான் வெளியைவிட வெளிச்சமாக இருக்கும்.

இளமாறன் எழுதியது:

பின்னொளியைக் குறிக்க ‘ஒளியூடுவரைவு’ என்று நீட்டலாம். நீளம் கூடினாலும் வேறுபாடு நிற்கும்.

மரகதம் எழுதியது:

நான் குட்டைப் பெயருக்கே வாக்களிக்கிறேன். எது வெளிச்சம் தருகிறது என்பதைவிட எந்தத் துணிக்கு இது ஒத்துவராது என்பதே பயில்வோருக்கு முதலில் தேவை. கருநீலம், கருஞ்சிவப்பு, டெனிம் போன்றவற்றில் எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் கோடு வராது. அவற்றுக்கு வெண்ணிறக் கார்பனோ, பொடி தடவலோதான். துணியின் ஒரு மூலையை அச்செழுத்துள்ள தாளின்மேல் வைத்துச் சன்னலில் பிடித்தால், எழுத்து படிக்க முடிகிறதா என்பதிலேயே முடிவு தெரிந்துவிடும். அந்தச் சோதனையைச் சொல்லின் விளக்கத்துக்கு முன் போடுங்கள். மஸ்லின் பற்றி நீங்கள் கேட்டதற்கு என்னிடம் உறுதியான விடை இல்லை. மேசையில் வரைவதை நான் இன்னும் ‘மேல்வைத்து வரைவது’ என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன்.