12 படிகளில் 4: அந்த பிஸ்கட் டின் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது

கடலோரக்காற்று

மட்டக்குளியில் ஒரு பிரஷர் ஆய்வு. தொண்டர்கள் வீடு வீடாகப் போய் அளந்து, ஆலோசனை சொல்லி, தேவையானவர்களைக் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். நான் செயல்முறை மதிப்பீட்டுப் பக்கம். கூடவே போய், 12 படிகளில் எத்தனையைச் செய்தார்கள் என்று டிக் போடுவேன்.

அன்று போன அக்கா உப்பைப் பற்றிப் பேசவே இல்லை. பட அட்டையைப் பையிலிருந்து எடுக்கவும் இல்லை. உட்கார்ந்ததும், "குளிசையக் கொண்டு வாங்கம்மா" என்றார். வந்தது ஒரு பழைய பிஸ்கட் டின். பாயில் கொட்டி, ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணினார். பத்து இருக்க வேண்டிய நாளில் மூன்றுதான் இருந்தன. அக்கா ஒன்றும் கேட்கவில்லை, சும்மா இருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவே சொன்னார். மகனுக்கும் பிரஷராம், நாட்கூலி வேலையாம். கிளினிக்குப் போனால் அன்றைய சம்பளம் போய்விடும் என்பதால் தன் குளிசையை அவனுக்கும் கொடுக்கிறாராம்.

நான் போட்ட மார்க் 12க்கு 4. மகனைப் பற்றி எழுதப் படிவத்தில் இடமே இல்லை.

நேர்கோடு

4 என்றால் 4தான். ஆளுக்கொரு விதமாக மாற்றினால் கடைசியில் எதைச் சோதித்தோம் என்றே தெரியாது. அந்தத் தொண்டருக்கு மறுபயிற்சி கொடுங்கள். தெமட்டகொடையில் எங்கள் ஆட்கள் படிவத்தை விட்டு விலகவில்லை. முதலில் பிரஷர் கூட இருந்தவர்களைத் தெரிவு செய்தோம், ஆறு மாதத்தில் மேல் அளவு சராசரி 9 குறைந்தது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

பழைய மிட்வைஃப்

விலகாத படிவம் என்றாலே எனக்குப் பயம். ஒரு வேலைத்திட்டத்தில் படிவங்களைப் பார்க்கத் தந்தார்கள். எல்லாவற்றிலும் எல்லா டிக்கும் இருந்தது. பார்த்தால் 130/80, 140/90, 130/80. கையில் இருந்ததோ டிஜிட்டல் மெஷின். அதில் கடைசி இலக்கம் எதுவும் வரலாம், பூச்சியத்தில் முடிவது பத்தில் ஒன்றளவில்தான் இருக்க வேண்டும். அங்கே பாதிக்கு மேல். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒரு நாளைக்குப் பத்து வீடு கொடுத்திருந்தார்கள், நடந்துதான் போக வேண்டும். அழுதுவிட்டது. நான் அதட்டியிருக்கக் கூடாது, இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

ஈரநிலம்

நேர்கோடு, உங்கள் 9ஐப் பற்றி முதலில். பிரஷர் கூட இருந்தவர்களைத் தெரிவு செய்தால், ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த முறை அளக்கும்போது சராசரி இறங்கும். பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கைக் கிராமங்களில் தொண்டர்களை வைத்துச் செய்த COBRA-BPS ஆய்வில், 2 வருடத்தில் தொண்டர் போன குழுவிலும் குறைந்தது 9தான். ஆனால் வழமையான சிகிச்சை மட்டும் கிடைத்த குழுவிலும் ஏறத்தாழ 4 குறைந்தது. தொண்டர் திட்டத்தின் பங்கு மிச்சம் 5 அளவுதான். ஒப்பிடக் குழு இல்லாமல் உங்கள் 9இல் எவ்வளவு உங்களுடையது என்று சொல்ல முடியாது.

கடலோரக்காற்று, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அட்டை காட்டுவது ஒரு வழி. அதன் நோக்கம், வீட்டில் குளிசைக்குத் தடை என்ன என்று வெளியே வரவைப்பது. உங்கள் படிவம் வழியை மட்டும் எண்ணுகிறது. அக்கா வழியை விட்டு நோக்கத்தைப் பிடித்தார். இரண்டுக்கும் தனித்தனியாக மார்க் போட்டுப் பாருங்கள். உப்பைப் பற்றிப் பேசாதது இரண்டிலுமே குறைதான், அதை மறைக்க வேண்டாம். அப்புறம், நீங்கள் பக்கத்தில் இருந்தால் யாரும் கொஞ்சம் வேறு மாதிரித்தான் நடப்பார்கள். ஒரு நாளை வைத்து முடிவெடுக்காமல் பல நாள் போங்கள், நீங்கள் போகாத வீடுகளிலும் பிறகு கேளுங்கள். இந்தத் தரவையெல்லாம் பிரஷர் முடிவு தெரிவதற்கு முன்பே பகுத்து எழுதி வையுங்கள். முடிவு தெரிந்த பிறகு எழுதினால், அதற்கு ஏற்ற கதையைத்தான் கண் தேடும்.

மகன் விஷயத்தை ஆய்வுக் குழுவிடம் சொன்னீர்களா? பார்ப்பவர் சொல்லச் சொல்லத் திட்டமே மாறிவிடும் என்பதால் சிலர் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆனால் ஒருவர் குளிசையை இன்னொருவர் விழுங்குவது ஆபத்து. எதை உடனே சொல்வது என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

நேர்கோடு

9 விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எது வழி, எது நோக்கம் என்று யார் முடிவு செய்வது? நடந்து முடிந்த பிறகு எதையும் நோக்கம் என்று சொல்லிவிடலாமே.

கடலோரக்காற்று

அது நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. மகனைப் பற்றி நான்கு நாள் கழித்துத்தான் மேற்பார்வையாளரிடம் சொன்னேன், உறுத்துவது அதுதான். அந்த அக்கா படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் ஏற்கனவே எழுதியிருந்தார்: "மகன், ஞாயிறு வீட்டில் இருப்பார்." மற்றப் படிவங்களின் ஓரங்களிலும் எழுத்து இருக்கிறது. கணினியில் ஏற்றியவர்கள் அதையெல்லாம் விட்டுவிட்டார்கள். இப்போது கடதாசிகளைத் திரும்ப எடுத்து வாசித்துக்கொண்டிருக்கிறேன்.