டார்கெட் சிபிஏ போட்டு 5 நாள், புக்கிங் செலவு இரண்டு மடங்குக்கு மேல். பழையபடி மாற்றிவிடலாமா?

பாண்டி_ரூம்ஸ்:
அவசரம். கூகுள் விளம்பரத்தில், ஒரு புக்கிங்குக்கு இவ்வளவுதான் செலவு என்று இலக்கு வைக்கும் டார்கெட் சிபிஏ போட்டேன். முன்பு ஒரு புக்கிங்குக்கு 700 ரூபாய் ஆனது, இப்போது 1,800 ஆகிறது. ஓனர் தினமும் காலையில் ஸ்கிரீன்ஷாட் கேட்கிறார். பழைய செட்டிங்குக்கே திரும்பிவிடலாமா? சாயங்காலத்துக்குள் அவரிடம் பதில் சொல்ல வேண்டும்.

தேவி_திருப்பாப்புலியூர்:
எத்தனை நாள் டேட்டா, எத்தனை புக்கிங், நடுவில் ஏதாவது மாற்றினீர்களா? இது தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

பழையகை:
வாரம் ஒரு முறை யாராவது வந்து இதே கேள்வியைக் கேட்கிறார்கள். தம்பி, `Learning` என்று ஸ்டேட்டஸில் எழுதியிருக்கிறதே, அதைப் படித்தீர்களா? நாங்கள் ஒவ்வொரு கீவேர்டுக்கும் கையால் ஏல விலை போட்ட காலத்தில் இந்தத் தலைவலியே கிடையாது.

வில்லியனூர்_வினோ:
ஒரு வாரம் பொறுங்கள் ப்ரோ. 7 நாளில் `Learning` போய்விடும். அதற்கப்புறம் வருவதுதான் உண்மையான ரிசல்ட்.

நெல்லிக்குப்பம்_கோச்சிங்:
எனக்கும் இதே பிரச்சினை. டியூஷன் சென்டருக்கு இன்ஸ்டாகிராம் விளம்பரம் ஓடுகிறது. வாரத்துக்கு 50 லீட் வந்தால்தான் லேர்னிங் முடியுமாம், எனக்கு 12 தான் வருகிறது. நீங்களும் பட்ஜெட்டை ஏற்றிப் பாருங்கள்.

தேவி_திருப்பாப்புலியூர்:
சார், அது மெட்டா. இவர் கேட்பது கூகுள். வாரத்துக்கு 50 என்ற கணக்கு இங்கே கிடையாது.

பாண்டி_ரூம்ஸ்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஒயிட் டவுன் பக்கத்தில் கெஸ்ட் ஹவுஸ். பட்ஜெட் நாளுக்கு 1,400. இதற்கு முந்தைய 30 நாள் பழைய செட்டிங்கான மேக்சிமைஸ் கிளிக்ஸில் 42,000 செலவு, 60 புக்கிங். இப்போது 5 நாளில் 7,200 செலவு, 4 புக்கிங். ஒரு நாள் 2,300 எடுத்துவிட்டது! முதலில் டார்கெட் 600 வைத்தேன். மூன்றாம் நாள் பயந்து 450 ஆக்கினேன், விளம்பரம் சரியாக வரவே இல்லை. அதனால் நேற்று 800 ஆக்கினேன்.

கணக்குப்பிள்ளை:
இப்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கூகுள் ஒரு புக்கிங்கை அது நடந்த நாளில் எழுதுவதில்லை, கிளிக் நடந்த நாளில்தான் எழுதுகிறது. பெங்களூரில் ஒருவர் திங்கட்கிழமை உங்கள் விளம்பரத்தைத் தட்டுகிறார். வீட்டில் பேசி, நாலு இடம் விலை பார்த்து, வெள்ளிக்கிழமை புக் செய்கிறார். அந்த புக்கிங் திங்கட்கிழமை கணக்கில் போய் உட்காரும். செலவு அன்றைக்கே முழுதாக ஏறிவிடும், வரவு மட்டும் தவணையில் வரும். அதனால் கடைசி 5 நாள் எப்போது பார்த்தாலும் மோசமாகத்தான் இருக்கும். பழைய 30 நாளில் பெரும்பகுதி நிரம்பி முடிந்தது, இந்த 5 நாள் அரைகுறை. இரண்டையும் ஒப்பிட்டால் புதியது தோற்கத்தான் செய்யும்.

அட்ரிப்யூஷன் பக்கத்தில் `Path metrics` திறந்து, கிளிக்கிலிருந்து புக்கிங்குக்கு எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பாண்டி_ரூம்ஸ்:
பார்த்தேன். அன்றைக்கே 35 சதவீதம். 3 நாளுக்குள் 60. ஒரு வாரத்துக்குள் 80. மீதி அதற்கப்புறம்.

கணக்குப்பிள்ளை:
சரி. அப்படியென்றால் இந்த 5 நாள் கிளிக்குகளில் வரவேண்டியதில் சுமார் பாதிதான் வந்திருக்கிறது. 4 என்பது 8 ஆகலாம். 7,200-ஐ 8-ஆல் வகுத்தால் 900. 700-ஐவிட அதிகம்தான், ஆனால் 1,800 இல்லை.

அதையும் இப்போது நம்ப வேண்டாம். 4 புக்கிங் என்பது மிகச் சின்ன எண். நேற்று இன்னும் ஒருவர் புக் செய்திருந்தால் 1,440, ஒருவர் குறைந்திருந்தால் 2,400. ஒரே ஒரு குடும்பம் எடுத்த முடிவை வைத்து செட்டிங்கை மாற்றப்போகிறீர்களா?

2,300 எடுத்ததும் பிழை இல்லை. ஒரு நாளில் பட்ஜெட்டின் இரண்டு மடங்கு வரை போகலாம், மாதக் கணக்கில் 30.4 மடங்குக்குள் நிற்கும்.

உண்மையான தவறு டார்கெட்டைத் திரும்பத் திரும்பத் தொட்டது. பழைய சராசரியே 700, அதில் 450 கேட்டால் ஏலத்தில் பின்வாங்கத்தான் செய்யும். அப்புறம் ஒரேயடியாக 800. ஸ்டேட்டஸ் மேல் மவுஸை வைத்துப் பாருங்கள், செட்டிங் மாற்றம் என்று காரணம் காட்டும். உங்கள் ஐந்தாம் நாள் உண்மையில் முதல் நாள்.

வில்லியனூர்_வினோ:
அதுதான் நானும் சொன்னேன், 7 நாள்.

கணக்குப்பிள்ளை:
7 நாள் எல்லோருக்கும் பொருந்தாது வினோ. கூகுள் சொல்வது, 50 கன்வெர்ஷன் வரை அல்லது 3 கன்வெர்ஷன் சுற்று வரை ஆகலாம் என்பது. இவருக்குக் கன்வெர்ஷன் என்பது புக்கிங், சுற்று என்பது கிளிக்கிலிருந்து புக்கிங் வரை ஆகும் நாட்கள். இவருக்கு நாளுக்கு 2 புக்கிங், ஆக 50-க்கு 25 நாள். ஒரு சுற்றை ஒரு வாரம் என்று வைத்தால் 3 வாரம். `Learning` என்ற எழுத்து அதற்கு முன்பே மறையலாம். மறைந்த அன்றும் கடைசி வாரத்து புக்கிங் முழுதாக வந்திருக்காது.

நானாக இருந்தால் 800-ஐத் தொடாமல் நான்கு வாரம் விடுவேன். முதல் வாரத்தை எண்ணமாட்டேன், கடைசி வாரத்தையும் எண்ணமாட்டேன். நடு இரண்டு வாரத்தை மட்டும் முழு வாரங்களாக எடுத்துப் பார்ப்பேன். வெள்ளி, சனி இல்லாத 5 நாளை வைத்து பாண்டிச்சேரி ரூம் வியாபாரத்தை அளக்க முடியாது.

பாண்டி_ரூம்ஸ்:
`by conv. time` என்று முடியும் நெடுவரிசையில் இதே 5 நாளுக்கு 9 காட்டுகிறதே! அதை ஓனரிடம் காட்டலாமா?

கணக்குப்பிள்ளை:
அது புக்கிங்கை அது நடந்த நாளில் எழுதும் நெடுவரிசை. அந்த 9-ல் போன வாரத்துக் கிளிக்குகளும் கலந்திருக்கின்றன. பழைய செட்டிங் சம்பாதித்ததைப் புதியதன் பேரில் எழுதுவதாகும். ஓனர் மனசு ஆறும், ஆனால் அதை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

வில்லியனூர்_வினோ:
25 நாள் எவன் காத்திருப்பான்? வாட்ஸ்அப் பட்டன் கிளிக்கையும் கன்வெர்ஷனாகச் சேர்த்துவிட்டால் மூன்றே நாளில் 50 வந்துவிடும்.

கணக்குப்பிள்ளை:
வரும். அப்புறம் பட்டனைத் தட்டுகிறவர்களையே தேடிப்பிடித்துக் கொண்டுவரும், ரூம் எடுக்கிறவர்களை அல்ல.

தேவி_திருப்பாப்புலியூர்:
இதை நான் முழுதாக ஏற்கமாட்டேன் அண்ணே. மாதத்துக்கு 8 புக்கிங் வருகிற சின்ன இடத்துக்கு என்ன வழி? கடலூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பேசிய அழைப்புகளை மட்டும் எண்ணினேன், நன்றாகத்தான் போகிறது.

கணக்குப்பிள்ளை:
ஒரு நிமிடம் பேசுவது வேறு, பட்டனைத் தட்டுவது வேறு. ஆனாலும் 8 தான் வருகிறது என்றால் எனக்கும் சுலபமான பதில் இல்லை.

பழையகை:
8 வருகிற இடத்தில் எதற்கு ஆட்டோமேட்டிக்? கையால் போடுங்கள்.

தேவி_திருப்பாப்புலியூர்:
சார், நீங்கள் எல்லா இழையிலும் இதையேதான் சொல்கிறீர்கள்.

நெல்லிக்குப்பம்_கோச்சிங்:
அப்படியென்றால் விளம்பரம் நிஜமாகவே கெட்டிருந்தாலும் நாலு வாரம் பணத்தைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
இல்லை. கிளிக் ஒழுங்காக வருகிறது, ஆனால் பத்து நாளாகியும் புக்கிங் பூஜ்யம் என்றால் அது லேர்னிங் இல்லை, புக்கிங்கை எண்ணும் டேக் செத்திருக்கும். நீங்களே ஒரு சோதனை புக்கிங் போட்டுப் பாருங்கள்.

பாண்டி_ரூம்ஸ்:
11 நாள் கழித்து வருகிறேன். அதே 5 நாள் தேதியைத் திறந்தேன், 4 இப்போது 7 ஆகியிருக்கிறது. 800-ஐத் தொடவில்லை. ஓனரிடம் இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். தினமும் கேட்பதை நிறுத்தவில்லை.

நெல்லிக்குப்பம்_கோச்சிங்:
என்னுடைய 12 லீட்டுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?